பத்தொன்பதாம் பக்கம்

புதன்கிழமை இரண்டாவது மணி அடித்த கையோடு நான்காம் வகுப்பில் ஒரு நாற்காலி பறந்து வாத்தியாரின் புருவத்தில் இறங்கியது. அதற்குச் சில நொடி முன்புதான் அவருடைய மணிக்கட்டில் ஒன்பது வயதுப் பல்வரிசை பதிந்திருந்தது. ரத்தம் சொட்டி வருகைப் பதிவேட்டில் மூன்று பெயர்கள் அழிந்துபோனதாகத் தெருவில் பேச்சு. தெருப் பேச்சில் பாதியைத் தள்ளிவிடலாம். ஆறு தையல் மட்டும் நிஜம்.

எறிந்த பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் வைத்த பெயர் சூறாவளி. சூறாவளி அப்போது பெஞ்சுக்கு அடியில் சுருண்டு, தன் முட்டியையே கடித்துக்கொண்டிருந்தாள்.

சேதி டாக்டரம்மாவுக்குப் போயிற்று. அந்த அம்மாள் டாக்டர் இல்லை, உளவியலாளர். திருத்திச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், கூப்பிடுகிற பெயருக்கே வந்துவிடுகிறார். இரண்டு மாதத்துக்கு முன்பு சூறாவளியை மூன்று நாள் உட்கார வைத்துப் பார்த்து, இருபத்திரண்டு பக்க அறிக்கை கொடுத்தவர் அவர்தான். அட்டவணை, வரைபடம், அடிக்குறிப்பு எல்லாம் உண்டு. உடன் படித்தவர்களிடம் அதைக் காட்டிப் பாராட்டு வாங்கியது பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பள்ளிக்குள் நுழைந்தபோது தலைமையாசிரியை கும்பிடக்கூட இல்லை.

"வெள்ளிக்கிழமை மீட்டிங். அன்னிக்கே அவ பேரை எடுத்துடறேன். நாளைக்கு வேற பிள்ளை கண்ணு போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"மணிச் சத்தம் கேட்டா அவ பயந்துடுவா மேடம். அப்போ தொடக் கூடாது, வழிய மறிக்கக் கூடாது. ரெண்டு மூணு நிமிஷத்துல தானா அடங்கிடும். ரிப்போர்ட்ல எழுதியிருக்கேனே!"

கட்டுப்போட்ட புருவத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்த வகுப்பு வாத்தியார் எழுந்தார். அலமாரியில் இருந்த அறிக்கையை எடுத்து மேசையில் பொத்தென்று போட்டார்.

"எங்க மேடம் எழுதியிருக்கு? காட்டுங்க."

டாக்டரம்மா புரட்டினார். சோதனை முடிவுகள், நினைவாற்றல், கவனம், மொழி. மறுபடி முதலிலிருந்து புரட்டினார். கடைசியில் பத்தொன்பதாம் பக்கத்தில், 'புலன் உணர்வு: பிற அவதானிப்புகள்' என்ற தலைப்பின் கீழ், பதினான்கு பரிந்துரைகளுக்கு நடுவே, அந்த வரி மூச்சுவிடாமல் ஒளிந்திருந்தது. 'திடீர் ஒலிகளின்போது உடல் தொடுகை தவிர்க்கப்படுவது உகந்தது.'

"எழுதின உங்களுக்கே நாலு நிமிஷம் ஆச்சு. எனக்கு நாலு செகண்டுதான் இருந்துச்சு," என்றார் வாத்தியார். "அவ பெஞ்சுக்கு அடியில போனா. விழுந்துட்டாளோன்னு கையப் பிடிச்சு இழுத்தேன். நான் என்ன எதிரியா?"

டாக்டரம்மா அறிக்கையை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் சூறாவளியின் அம்மா காத்திருந்தாள். வலது கையை முந்தானைக்குள் மறைத்திருந்தாள்.

"நீங்க எழுதினத இவ அப்பாவும் படிச்சாரு மேடம். நாலாம் பக்கம் மட்டும். 'எதிர்ப்பு நடத்தை'ன்னு போட்டிருந்துச்சாம். 'பாத்தியா, படிச்சவங்களே திமிருன்னு எழுதிட்டாங்க, திமிர எப்படி எறக்கணும்னு எனக்குத் தெரியும்'னாரு."

மகளைத் திருப்பி நிறுத்திச் சட்டையைத் தூக்கினாள். முதுகில் பெல்ட்டின் தடம் நாலு. ஒன்று இன்னும் காயவில்லை. கொக்கி பட்ட இடம் பிளந்திருந்தது. குறுக்கே போன அம்மாவின் மணிக்கட்டு கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. அப்பாக்காரர் ஊர் லாரிகளுக்கெல்லாம் பிரேக் சரிபார்க்கிறவர். அவர் கைக்குத்தான் பிரேக் பிடிப்பதில்லை என்பது அக்கம்பக்கம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன, ஜன்னலைச் சாத்திக்கொள்வதோடு சரி.

டாக்டரம்மா அந்த இடத்திலேயே குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போன் போட்டார். சாயங்காலத்துக்குள் அதிகாரி வந்து பார்த்துக் காயங்களைப் பதிவு செய்துகொண்டு, தாயையும் மகளையும் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார். அப்பாக்காரர் மகளிடம் அண்டக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு.

வியாழக்கிழமை முழுக்க டாக்டரம்மா அந்த வாத்தியாரையும் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அறிக்கையை அறுத்தார். வாத்தியார் அறுப்பதில் ரசனை உள்ளவர்.

"'நேர்மறைச் சூழல் அமைத்துத் தரலாம்.' இது எந்தக் கடையில மேடம் கிடைக்கும்?"

"அடிச்சுடுங்க."

"மதிப்பெண் அட்டவணை?"

"கடைசிக்குப் போகட்டும். வேணுங்கிறவங்க அங்க போய்ப் பாக்கட்டும்."

முதல் பக்கத்தில், எதற்காக அழைத்து வந்தார்கள், என்ன தெரிந்தது என்று நாலே வரி. 'திமிர் இல்லை. திடீர்ச் சத்தத்தில் உடம்பு பதறுகிறது. பிடித்தாலோ மறித்தாலோ அடிக்கிறாள். விட்டால் அடங்குகிறாள், படிக்கிறாள்.' பதினான்கு பரிந்துரை மூன்றாகச் சுருங்கியது. ஒவ்வொன்றுக்கும் நேரே யார் செய்வது, எப்போது, எப்படி, பலிக்கிறதா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது என நாலு கட்டம். நாலு வாரம் கழித்து மறுபடி உட்கார ஒரு தேதி. வாத்தியாருக்கு ஒரு தாள், வீட்டுக்கு ஒரு தாள்.

"இத நான் அடுப்புகிட்டயே ஒட்டிக்குவேன்," என்றாள் அம்மா.

மூன்றாவது பரிந்துரையில்தான் இடித்தது. 'நான்காம் வகுப்பு வராந்தாவின் மணியைக் கழற்ற வேண்டும்.' யார்? வாத்தியாருக்கு அந்த அதிகாரம் இல்லை. அம்மாவுக்கு ஏது? அந்தக் கட்டம் காலியாகவே நின்றது. ஆள் இல்லாத பரிந்துரையை யாரும் செய்யப்போவதில்லை என்று டாக்டரம்மாவுக்கு இப்போது உறைத்துவிட்டது. அதனாலேயே ஏதோ ஒரு பெயரை நிரப்பி ஒப்பேற்றாமல் விட்டுவைத்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. தலைமையாசிரியையின் அறையில் ஐந்து பேர். சூறாவளி அம்மாவின் முழங்காலை ஒட்டி நின்றாள். டாக்டரம்மா நீட்டிய புதுத் தாளைத் தலைமையாசிரியை தொடவே இல்லை. பெயர் நீக்கும் படிவம்தான் அவர் முன்னால் இருந்தது.

கதவு சுவரில் போய் மோதியது. அப்பாக்காரர்.

"எவன்டா என் பொண்ண என்கிட்டேயிருந்து பிரிச்சது?"

அதே நொடி வெளியே மணி அலறியது. சூறாவளி கத்தினாள். மேசையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டு அவள் கையிலிருந்து பறந்து அலமாரிக் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போனது. துண்டுகள் தலைமையாசிரியையின் மடியில் கொட்டின. அப்பாக்காரரின் கை இடுப்புக்குப் போய்ப் பெல்ட்டை உருவியது.

"இதோ எறக்கறேன் திமிர!"

வாத்தியார் எழுந்தார். சூறாவளியைத் தொடவில்லை. அவளுக்கும் பக்கத்து அறைக் கதவுக்கும் நடுவே கிடந்த நாற்காலியைக் காலால் தள்ளி வழியைத் திறந்துவிட்டு, அப்பாக்காரருக்கு எதிரே போய் நின்றார். சூறாவளி அந்த அறைக்குள் ஓடினாள். கொக்கி அவர் முகத்தில் விழுந்தது. ஆறு தையலும் பிரிந்தன. இரண்டாவது அடி தோளில். மூன்றாவதற்குள் அவரும் டாக்டரம்மாவும் சேர்ந்து அந்த ஆளைச் சுவரோடு அழுத்திப் பிடித்துவிட்டார்கள். டாக்டரம்மாவின் உதடு கிழிந்தது.

"யாரும் அவ பின்னால போகாதீங்க!" என்று ரத்தம் வழிய வாத்தியார் கத்தினார். "கடிகாரத்தப் பாருங்க. ரெண்டு நிமிஷம்!"

தலைமையாசிரியை ஒரு கையால் போலீசுக்குப் போன் போட்டபடி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்து அறையில் ஏதோ உருண்டது. அப்புறம் அழுகை. அப்புறம் அதுவும் இல்லை.

போலீஸ் வந்து அப்பாக்காரரைக் கொண்டுபோன பிறகு சூறாவளி தானாகவே வாசலுக்கு வந்து நின்றாள்.

"சாருக்கு ரத்தம்," என்றாள். "இன்னிக்கு நான் செய்யல."

"இல்லடா கண்ணு," என்றார் வாத்தியார். "நீ செய்யல."

தலைமையாசிரியை மடியிலிருந்த கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டுத் தாளை இழுத்து முதல் தடவையாகப் படித்தார். படித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. காலிக் கட்டத்தில் பேனா நின்றது. 'யார்' என்பதற்கு நேரே 'தலைமையாசிரியை' என்றும், 'எப்போது' என்பதற்கு நேரே 'இன்று' என்றும் எழுதினார். பெயர் நீக்கும் படிவத்தை நாலாகக் கிழித்தார்.

"எலக்ட்ரீஷியனக் கூப்பிடுங்க," என்றார். "அடுத்த மணிக்கு முன்னால."