மூஸா பாயின் வலது கடவாய்ப்பல்

பட்டுக்கோட்டையில் கொப்பரை மண்டி வைத்திருக்கும் மூஸா பாய்க்குத் தராசைவிடத் தன் வலது கடவாய்ப்பல் மேல்தான் நம்பிக்கை அதிகம். ஒரு துண்டைக் கடித்தாலே காய்ச்சல் போதுமா, ஈரம் நிற்கிறதா என்று சொல்லிவிடுவார். மேலே காய்ந்ததை வைத்து அடியில் ஈரத்தை மறைத்து வந்த எத்தனையோ மூட்டைகள் அந்தப் பல்லிடம் மாட்டியிருக்கின்றன. பல் போனால் மண்டியில் மரியாதையும் போய்விடும் என்று பயந்துதான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரியில் ரூட் கேனால் செய்துகொண்டார். வலி நின்றதும் ஆள் கம்பி நீட்டிவிட்டார். பல்லுக்கு மேலே உறை மாதிரி கேப் போட வரச்சொல்லி மூன்று முறை போன் வந்தது. நான்காவது போனுக்கு நேரிலேயே வந்தார், வேண்டாம் என்று சொல்வதற்கு.

“நரம்பையே எடுத்தாச்சு. செத்த பல்லுக்கு எதுக்கும்மா கேப்பு?”

அவருக்கு ரூட் கேனால் செய்த மேற்படிப்பு மாணவி கயல்விழி அவர் கையில் கண்ணாடியைக் கொடுத்தாள்.

“பல்லு சாகல பாய். வேரு எலும்புல கெட்டியா நிக்குது. மேல்பாதிதான் பாவம். சொத்தை தின்னது போக, நரம்பை எடுக்க நானும் நடுவுல குடைஞ்சேன். மிச்சம் இருக்கறது சுத்துச்சுவருதான்.”

“அதான் அடைச்சிட்டியே!”

“அது ஓட்டைய மூடும், சுவரை இழுத்துப் பிடிக்காது. நீங்க கடிக்கிறப்பெல்லாம் சுவரு கொஞ்சம் விரியும். கேப்பு அதைச் சுத்திக் கவ்விப் பிடிச்சுக்கும். இல்லைன்னா என்னிக்காவது பிளந்துடும். விரிசல் வேருக்குள்ள இறங்கிட்டா புடுங்கத்தான் வேணும்.”

“காஞ்சது கெட்டியா இருக்கும். எனக்கா தெரியாது?”

“காய்ச்சல் இல்ல பாய் விஷயம். ஓடு மெலிஞ்சுபோச்சு.”

மூஸா பாய் சட்டைப்பையிலிருந்து ஒரு கொப்பரைத் துண்டை எடுத்தார். “இந்தப் பல்லாலேயே கடிக்கிறேன். உடையலைன்னா கேப்பு கிடையாது. சரியா?”

“வேண்டாம் பாய்.” அவர் கேட்கவில்லை என்றதும் கயல்விழி ஒரு படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

“என்ன எழுதுற?”

“பல் புடுங்கறதுக்குச் சம்மதப் படிவம். கடிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க.”

மூஸா பாய் படிவத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். ஆனாலும் பின்வாங்கினால் மூஸா பாய் ஆவாரா? கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். கொப்பரை படக்கென்று உடைந்தது. பல் உடையவில்லை.

“பாத்தியா!”

“பாத்தேன். இடது கன்னம் ஏன் பாய் உப்பியிருக்கு?”

மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. ஊரார் திருட்டையெல்லாம் பிடித்தவர், ஒரு சின்னப் பெண்ணிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். வெட்கம் ஒருபக்கம், சிரிப்பு ஒருபக்கம். அவசரமாக விழுங்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“உங்களுக்கே அந்தப் பல்லு மேல நம்பிக்கை இல்ல,” என்று படிவத்தைக் கிழித்துப் போட்டாள் கயல்விழி. “கேப்பு போட்டப்புறமும் கொப்பரைய கையாலதான் ஒடிச்சுப் பாக்கணும்.”

“அதெல்லாம் இருக்கட்டும். படிப்பு முடிஞ்சதும் நம்ம மண்டிக்கு வந்துடும்மா. மூட்டைக்கு அடியில இருக்கறதைப் பாக்க உன்னை மாதிரி ஆளுதான் எனக்கு வேணும்.”

“வாயைத் திறங்க பாய். வலது பக்கம்.”