மொழிபெயர்ப்பவர் எதையும் விடமாட்டார்

அன்று அறையில் இருந்தவர்கள்: டாக்டர், நர்ஸ், இன்சுலின் போட்டுக்கொள்ளும், தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பெரியவர், மொழிபெயர்க்க நான். இருந்திருக்க வேண்டியவர், ஆனால் வெளியே நாற்காலியில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்: பெரியவரின் மகள்.

அவள் கோபத்துக்கு நான்தான் காரணம். கிளினிக்குக்கு ஒரு துண்டுப்பிரசுரம் எழுதச் சொல்லியிருந்தாள் நர்ஸ். ஒரு பக்கம் ஊழியர்களுக்கு, மறுபக்கம் நோயாளிகளுக்கு. மொழிபெயர்ப்பவர் என்ன செய்வார், என்ன செய்யமாட்டார், அவ்வளவுதான். ராத்திரி ஷிப்டில் போனில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவன் நான். முகம் தெரியாத வலிகளைக் காதில் வாங்கி வாங்கித் தூக்கம் கெட்டு, அதை விட்டுவிட்டுப் பகல் வேலைக்கு வந்தவன். எழுதத் தெரியும் என்று யாரிடமும் சொன்னதில்லை. முதல் வரியில் “பாலம்” என்று எழுதியிருந்தேன். நர்ஸ் அதை அடித்துவிட்டு, “பாலம் பேசாது, நீ பேசுவே” என்றாள். நியாயம்தான்.

அச்சுக்குப் போகும் முன் நாலைந்து குடும்பங்களிடம் படிக்கக் கொடுத்தோம். மகளிடம் அன்றுதான் கொடுத்தோம். “குடும்பத்தினர் மொழிபெயர்க்கக் கூடாது” என்ற வரியில் அவள் கண் நின்றது.

“அப்போ இத்தனை வருஷம் நான் பண்ணது என்ன, திருட்டு வேலையா?”

“அப்படி இல்லீங்க. மருந்து விஷயம், தப்பு வந்துடக்கூடாதுன்னு...”

“எங்கப்பாவுக்கு நான் தப்பா சொல்வேனா? சரி, நீங்களே பேசுங்க. நான் இங்கயே இருக்கேன்.”

உள்ளே வரலாம், உங்களை யாரும் தடுக்கவில்லை என்று நர்ஸ் சொல்லிப் பார்த்தாள். மகள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். பெரியவர் மட்டும் எழுந்து என் பின்னால் வந்தார். “கோச்சுக்கிட்டா பாரு, அப்படியே அவங்கம்மா” என்று என் காதில் சொன்னார். அதில் பெருமை இருந்தது.

உட்கார்ந்ததும், பிரசுரத்தில் எழுதியிருப்பதையே வாயால் சொன்னேன். “ஐயா, டாக்டர் சொல்றதை அப்படியே உங்களுக்குச் சொல்வேன். நீங்க சொல்றதை அப்படியே அவருக்குச் சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இந்த ரூமுக்குள்ள யார் என்ன பேசினாலும் சொல்லிடுவேன். வெளிய போய் யாருக்கும் சொல்லமாட்டேன்.” இதையே இந்த ஊர் மொழியில் டாக்டருக்கும் சொன்னேன்.

“நல்லது தம்பி” என்றார் பெரியவர். கேட்டாரா என்று தெரியவில்லை. என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் நல்ல மனுஷன். ஆனால் பழக்கம் விடவில்லை. என்னைப் பார்த்து, “இவர் ஊசி ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேளுங்கள்” என்றார். நர்ஸ் ஒரு தரம் இருமி, ஊழியர் பக்கத்தை அவர் முன்னால் தள்ளினாள். “நோயாளியைப் பார்த்து, நோயாளியிடமே பேசுங்கள்.” டாக்டர் சிரித்தார். நாற்காலியைத் திருப்பி, பெரியவரை நேராகப் பார்த்துக் கேட்டார்.

“நீங்கள் ஊசியை எப்படிப் போடுகிறீர்கள்? செய்து காட்டுங்கள்.”

நான் தமிழில் சொன்னேன். பெரியவருக்கு ஆச்சரியம்.

“இதெல்லாம் கேப்பாரா இவரு? எம்பொண்ணும் இவரும் வெய்யிலைப் பத்திப் பேசிட்டிருப்பாங்கன்னுல்ல நெனச்சேன்.”

அதையும் சொன்னேன். டாக்டரின் முகம் கொஞ்சம் மாறியது. கேள்வி இதுவரை பெரியவரிடம் போய்ச் சேர்ந்ததே இல்லை. மகள் பாதி வழியிலேயே பிடித்து, “ஒழுங்கா போடறார்” என்று பதிலையும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். பொய் இல்லை. அவள் அப்படித்தான் நம்பினாள்.

பெரியவர் பையிலிருந்து பேனா மாதிரியான அந்த ஊசியை எடுத்தார். முனையில் இருக்கும் திருகைத் திருப்பினால் எவ்வளவு மருந்து என்ற எண் சின்ன ஜன்னலில் தெரியும். அவர் ஜன்னலைப் பார்க்கவே இல்லை. திருகை ஏதோ ஒரு கணக்கில் திருப்பினார். பிறகு டாக்டரை விட்டுவிட்டு என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, இது உனக்கு மட்டும். அவருக்கு வேணாம். எனக்கு இந்த நம்பர் தெரியறதில்ல. டிக்கு டிக்குன்னு சத்தத்தை எண்ணிப் போடறேன். நடுவுல போன் அடிச்சா கணக்கு போயிடும். எம்பொண்ணுக்குத் தெரிஞ்சா அவ வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுவா. எனக்கு என் வீடு வேணும்பா. நீ நம்ம ஆளு.”

நம்ம ஆளு. இந்த வேலையில் இதைவிடக் கனமான வார்த்தை கிடையாது.

“ஐயா, சொல்லமாட்டேன்னு நான் சொல்ல முடியாது. முதல்லயே சொன்னேன்ல.”

பிறகு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ‘அவருக்கு வேணாம்’ என்பதையும், ‘எனக்கு என் வீடு வேணும்’ என்பதையும், ‘நம்ம ஆளு’ என்பதையும். அவர் சொன்னபடியே, “எனக்கு எண் தெரிவதில்லை” என்று ‘எனக்கு’ என்றே சொன்னேன்.

பெரியவருக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. “துரோகி” என்றார். ரொம்ப சத்தமாக இல்லை. அதையும் சொன்னேன். நர்ஸ் குனிந்துகொண்டாள்.

டாக்டர் கணினித் திரையைப் பக்கத்தில் தள்ளிவைத்தார். பெரியவரையே பார்த்துச் சொன்னார்: “உங்கள் சர்க்கரை கூடியிருப்பதால் மருந்தின் அளவைக் கூட்டலாம் என்று இருந்தேன். கூட்டியிருந்தால், என்றைக்காவது ஒருநாள் திருகு சரியாக அமையும்போது சர்க்கரை தடாலென்று இறங்கி மயங்கி விழுந்திருப்பீர்கள். வீட்டில் தனியாக. சொன்னது நல்லதாகப் போயிற்று.”

“நான் சொல்லலையே” என்றார் பெரியவர் என்னைக் காட்டி. “இந்தப் பய சொன்னான்.”

அளவைக் கூட்டவில்லை. கண் டாக்டரிடம் அனுப்ப எழுதினார். எண்ணைப் பெரிதாகக் காட்டும் ஒரு பூதக்கண்ணாடியை நர்ஸ் ஊசியில் மாட்டிக் காட்டினாள். பெரியவர் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், “இப்போ தெரியுது” என்றார். சந்தேகமாக இருந்தது. நர்ஸ் ஒரு அளவைச் சொல்லி வைக்கச் சொன்னாள். சரியாக வைத்தார். இன்னொன்று, அதுவும் சரி. கண் டாக்டர் பார்க்கும்வரை ஒவ்வொரு வேளையும் யாராவது பக்கத்தில் இருந்து பார்த்தால் நல்லது என்றாள்.

“மகளுக்குச் சொல்லலாமா?” என்று டாக்டர் கேட்டார். “நீங்கள் சம்மதிக்காமல் சொல்லமாட்டோம்.”

பெரியவர் பூதக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். யோசிக்கட்டும் என்று டாக்டர் வேறு ஏதோ எடுக்க எழுந்து போனார், நர்ஸும் தன் மேஜைக்குப் போனாள். அவர்கள் போனால் நானும் போகவேண்டும். நோயாளியோடு தனியாக உட்கார்ந்தால் இப்படித்தான், டாக்டருக்குப் போகவேண்டியது என் காதில் வந்து விழும். நானும் எழுந்தேன்.

வராந்தாவில் மகள் வழிமறித்தாள். கோபம் போய்ப் பயம் வந்திருந்தது.

“அப்பா என்ன சொன்னார்?”

“அவரையே கேளுங்க.”

“நீங்க எதையும் மறைக்கமாட்டீங்கன்னு அதுல போட்டிருக்கே.”

“ரூமுக்குள்ளதாங்க. வெளிய வந்தா நான் ஊமை.”

“எனக்கே சொல்லமாட்டீங்களா? நான் அவர் பொண்ணு.”

“அதனாலதான்.”

அடித்துவிடுவாள் போலிருந்தது. நான் நர்ஸின் மேஜைக்குப் போய் வரைவை எடுத்தேன். ‘குடும்பத்தினர் மொழிபெயர்க்கக் கூடாது’ என்ற வரியை அடித்துவிட்டு எழுதினேன்: “நீங்கள் விரும்பினால் உங்கள் குடும்பத்தினர் உங்களோடு இருக்கலாம். மொழிபெயர்ப்பதை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டு, அவர்கள் உங்கள் மகளாக, மகனாக இருக்கட்டும்.” அதன் கீழே: “உங்களோடு நாங்கள் தனியாக இருக்கமாட்டோம். எங்களிடம் ரகசியம் சொல்ல வேண்டாம். டாக்டரிடம் சொல்லுங்கள், கொண்டுபோய்ச் சேர்ப்போம்.” நர்ஸ் படித்துவிட்டு ஒரு காற்புள்ளியை எடுத்தாள்.

டாக்டர் திரும்பி வந்தபோது பெரியவர் தலையை வெளியே நீட்டினார். மகளைப் பார்த்தார்.

“உள்ள வா.”

அவள் போனாள். பின்னாலேயே டாக்டர் போனார், நானும் போனேன். பெரியவர் கையைக் குறுக்கே வைத்தார்.

“நீ எதுக்கு? எம்பொண்ணுகிட்ட பேச எனக்கு ஆள் வேணுமா?” டாக்டரையும் பார்த்தார். “இவரையும் அஞ்சு நிமிஷம் வெளிய நிக்கச் சொல்லு.”

சொன்னேன். டாக்டர் சரி என்று சுவரில் சாய்ந்துகொண்டார்.

பெரியவர் குரலைத் தாழ்த்தவில்லை. “சொல்றேன், ஆனா கத்தக்கூடாது. உங்க வீட்டுக்கு வான்னும் சொல்லக்கூடாது. வேணும்னா நீ ரெண்டு வேளையும் வந்து போ.”

“என்னப்பா, என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. உக்காரு.”

மிச்சம் என் காதுக்கு உரியதல்ல. நான் ஒதுங்கினேன். கதவு என் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.