முள் திரும்பும் இடம்

முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. ஒன்பது நாள் முட்டிபோட்டு, சூட்டுக்காற்று மெஷினால் ஷீட்டின் ஓரங்களை உருக்கி ஒட்டியதன் கூலி அது. இராமர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறினான். ஐந்து மாடி. லிப்ட் இன்னும் பொருத்தவில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதி என்னும் பெருந்தெருவுக்குக் கடல் பக்கம் எழும்பிய புதுக் கட்டடம். மொட்டை மாடிக்கு வெள்ளை பீ.வீ.சீ. ஷீட் விரித்தது இராமரின் ஆட்கள். போன வாரம் தண்ணீர் கட்டிப் பார்த்தார்கள். வடிகால் வாய் நான்கையும் காற்றடைத்த ரப்பர் அடைப்பானால் இறுக்கி, இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டு, நாற்பத்தெட்டு மணித்தியாலம் வைத்தார்கள். வெயிலில் எவ்வளவு வற்றுகிறது என்று தெரிய, பக்கத்தில் ஒரு வாளியிலும் தண்ணீர். வாளியில் நாலு மில்லிமீட்டர் குறைந்தது. மாடியில் ஐந்து. அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கே போனதென்று கீழ்வீட்டுச் சீலிங் சொன்னது. கிழக்கு மூலையில் ஈரம் படர்ந்து, சொட்டு விழுந்தது.

"சரியா உங்கட ஜொயின்டுக்குக் கீழதான் சொட்டுது" என்றான் சைட் சுப்பர்வைசர் ரிப்கான். "ஒட்டினது பிழையெண்டா முழுக்கக் கழட்டி உங்கட செலவுல போடோணும். அடுத்ததா இருக்கிற கொட்டாஞ்சேன ரூப் வேலயும் வேற ஆளுக்குத்தான்."

இராமர் அப்போதே சொன்னான்: "நம்ம ஜொயின்ட் வுடாதுங்க சேர். அந்த வோச்சர் எட்வேட் சப்பாத்தோட ஏறி டேங்க் வால்வு தொறந்தாரு. நா கண்ணால கண்டேன்."

கண்டது உண்மை. ஷீட்டில் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும் என்பது சட்டம். காவலாளி எட்வேட் கொச்சிக்கடை ஆள், ஐம்பது தாண்டியவர். "ஒருக்காத்தான் தம்பி, மறந்து போனன்" என்றார். ரிப்கான் செக்கியூரிட்டிக் கம்பெனிக்குப் போன் எடுத்தான். மறுநாள் எட்வேடை பேலியகொடைப் பக்கம் ஒரு லொறி யார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

இன்று ஓட்டை தேட ஆள் வந்திருந்தது. றேணுகா என்று ஒரு பிள்ளை, முப்பது வயதிருக்கும், ரப்பர் பூட்ஸ், கழுத்தில் தொங்கும் மீட்டர். மாடியின் ஓரம் நெடுகத் தோல் இல்லாத கம்பியைச் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். டேங்க்கின் இரும்புக் கால்களையும் வடிகால் வாய்களையும் தனித்தனியாகக் கம்பியால் வளைத்தாள்.

"அதுக்கு ஏம்மா தனியா?"

"இதுகள் பூமியோட தொடுசல் அண்ணன். சும்மா விட்டா கரண்ட் எல்லாம் இதுக்குள்ள ஓடும். மீட்டர் இதையும் ஓட்டை எண்டு காட்டும்."

கொண்டுவந்த மின்பெட்டியின் ஒரு வயரைச் சுற்றுக் கம்பியிலும், மற்றதை ஸ்லாப்பின் கம்பி வெளியே தெரிந்த இடத்திலும் கிளிப் போட்டாள். பிறகு ஹோஸ் பிடித்து மாடி முழுவதும் நனைத்தாள்.

"ஷீட்டுக்குள்ளால கரண்ட் போகாது. ஓட்டை இருந்தா, ஈரத்தோட சேர்ந்து அதுக்குள்ளால இறங்கிக் கொங்கிறீட்டுக்குப் போகும். அப்ப மேல இருக்கிற தண்ணியில கரண்ட் அந்த ஓட்டையைப் பார்த்து ஓடுது. எந்தப் பக்கம் ஓடுதெண்டு இது காட்டும்."

இரண்டு கையிலும் இரண்டு நீளக் கோல்கள். அவற்றின் நுனியை ஈரத்தில் ஊன்றினாள். சில விநாடிக்கு ஒருமுறை பெட்டி துடிக்க, மீட்டரின் முள்ளும் துடித்து ஒரு பக்கம் சாய்ந்தது.

இராமர் பின்னால் நடந்தான். முதலில் மூலை ஜொயின்ட். அவன் ஒட்டிய இடம். கோலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்தாள். முள் இரண்டு தரமும் மாடியின் நடுப்பக்கமே சாய்ந்தது.

"இதுக்குள்ள இல்ல" என்றாள்.

"ஆனா சொட்டுறது இங்க."

"தண்ணி ஷீட்டுக்குக் கீழ ஓடி, ஸ்லாப்பில வெடிப்பு எங்க இருக்கோ அங்க இறங்கும். உள்ள போன இடம் வேற."

நாலடி நகர்ந்தாள். முள் பலமாகச் சாய்ந்தது. இன்னும் ஓரடி. சட்டென்று மறுபக்கம் திரும்பியது.

"கடந்திட்டன்." குனிந்து விரலால் தடவினாள். அரிசி நொய் அளவுகூட இல்லை. நனையாவிட்டால் தூசி என்று நினைத்திருப்பார்கள். மஞ்சள் கிரேயோனால் வட்டம் போட்டு, அதையும் கம்பியால் வளைத்தாள். பெரிய ஓட்டையை அடக்கினால்தான் அடுத்தது தெரியுமாம்.

"நா ஒரு தடவ புடிச்சுப் பாக்கவா?"

கோல்களைக் கொடுத்தாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. முள் கோணலாய் நின்றது. கோல்களை மெல்லச் சுழற்றினான். பூஜ்யம் வந்தது. அதற்குக் குறுக்கே திருப்பினான், சாய்ந்தது. சாய்ந்த பக்கமே நடந்தான். முள் திரும்பிய இடத்தில் அவனுடைய ஓட்டை. தூண்டிலில் மீன் இழுத்தது போல் இருந்தது. முழங்கால் வலி நினைவே இல்லை.

"வேலையை விட்டிட்டு என்னோட வாங்கோ" என்றாள் றேணுகா.

மத்தியானத்துக்குள் பதினொரு வட்டம். இருவரும் படிக்கட்டு வாசலில் நின்று பார்த்தார்கள். ஜொயின்ட் ஒன்றிலும் வட்டம் இல்லை. இராமர் நெஞ்சு நிறைய மூச்சு விட்டான். கிழக்கு மூலையிலிருந்து படிக்கட்டு வரை, கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில், ஒரே கோட்டில் வட்டங்கள்.

"நடந்திருக்கு" என்றாள் அவள். "ஆனா ஒரு காலுக்குத்தான் ஓட்டை. மற்றக் கால் சுத்தம். டேங்க் அங்கால எல்லோ இருக்கு, இந்தப் பக்கம் ஆர் வந்தது?"

இராமருக்குத் தெரிந்துவிட்டது. கடைசி நாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மூலையில் மிச்ச ரோல் கிடந்தது. கழற்ற நேரமில்லாமல் செருப்போடு ஓடிப்போய், ரோலைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன்தான். வலது செருப்பின் வார் பிய்ந்து போய், வாரின் குமிழ் கழலாமல் இருக்க அடியில் ஒரு சின்ன ஆணியைக் குறுக்கே குத்தியிருந்தான். எல்லோரும் செய்வதுதான்.

வாசலில் கிடந்த செருப்பை எடுத்துத் திருப்பினான். ஆணியின் முனை வளைந்து வெளியே நீட்டியிருந்தது. றேணுகா அதை வாங்கி, வெட்டி எறிந்த ஷீட் துண்டொன்றில் வைத்துக் கையை ஊன்றி அமுக்கினாள். துண்டை வெயிலுக்கு நேரே பிடித்தாள். ஒரு வெளிச்சப் புள்ளி.

"சும்மா நடந்தா இறங்காது. பாரத்தோட நடந்தா இறங்கும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குச் சரிவந்த மாதிரிச் சொன்னாள்.

"ரிப்போட்ல என்னன்னு எழுதுவீங்கம்மா?"

"ஜொயின்ட் எல்லாம் சரி. கால் மிதிச்சுப் பதினொரு துளை. ஆருடைய கால் எண்டு எழுதுறது என்ட வேலை இல்ல." செருப்பைத் திருப்பிக் கொடுத்து, "அது உங்கட வேலை" என்றாள்.

பின்னேரம் இராமர் பதினொரு இடத்தையும் துடைத்துக் காயவைத்து, வட்டத் துண்டுகள் வெட்டி ஒட்டினான். மீண்டும் நனைத்தார்கள். அவள் ஓட்டைகளைச் சுற்றிய கம்பி வளையங்களை எடுத்துவிட்டு மாடி முழுக்கக் கோலூன்றி நடந்தாள். முள் அசையவில்லை.

ரிப்கான் மேலே வந்து ரிப்போட்டை வாசித்தான். "ஜொயின்ட் சரிதான். மாஷா அல்லாஹ். திங்கக்கிழம கொட்டாஞ்சேனக்கி ஆக்களக் கூட்டிட்டு வாங்க." பிறகு வட்டங்களைப் பார்த்தான். "அப்ப அந்த வோச்சர்ட சப்பாத்துத்தான், என்ன?"

றேணுகா கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று இராமர் யோசித்தான். கொட்டாஞ்சேனை வேலை கைவிட்டுப் போகும். போகாமலும் இருக்கலாம். வாயைத் திறந்தான்.

"தெரியலீங்க சேர்" என்றான்.

ரிப்கான் தலையாட்டிவிட்டு இறங்கினான். றேணுகா பெட்டியைத் தூக்கிக்கொண்டு "வாறன் அண்ணன்" என்று மட்டும் சொன்னாள். இராமர் வெறுங்காலோடு ஐந்து மாடியும் இறங்கினான். கேட்டில் புது வோச்சர் ஒருவன் அவனுக்குச் சலாம் வைத்தான்.

ஓட்டை போட்டது தன் செருப்பு என்று ரிப்கானிடமும், எட்வேடின் முகத்துக்கு நேரேயும் இராமர் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கடனை அவன் இன்னும் கொடுக்கவில்லை.