விழுந்துகொண்டே இருப்பவனின் அம்மா

விண்வெளி மையத்தின் செய்தித் தொடர்பு அதிகாரி அன்று காலை வெளியிட்ட அறிக்கையில் பிழை எதுவும் இல்லை. சிக்கலே அங்கேதான் தொடங்கியது.

மேலே சுற்றிவரும் விண்வெளி நிலையத்தில் தங்கியிருக்கும் விமானியைப் பற்றிய வாராந்திர அறிக்கை அது. வழக்கமாக அதில் “ஈர்ப்பு விசை இல்லாத விண்வெளியில்” என்றொரு தொடர் வரும். யாரோ எப்போதோ எழுதியது. ஆண்டுக்கணக்கில் எல்லாரும் அதையே நகலெடுத்து ஒட்டி வந்தார்கள். இயற்பியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்திருந்த அதிகாரிக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் செருப்புக்குள் கல் புகுந்ததுபோல் இருக்கும். அன்று அதை அடித்துவிட்டு, “நமது விமானி பூமியை நோக்கித் தொடர்ந்து விழுந்துகொண்டே இருக்கிறார், அதனால்தான் மிதக்கிறார்” என்று எழுதி அனுப்பினாள்.

தொலைக்காட்சிக்காரர்கள் காற்புள்ளி வரைக்கும்தான் படித்தார்கள். மதியத்துக்குள் எல்லாத் திரைகளிலும் சிவப்புப் பட்டையில் ஓடியது: “விமானி பூமியை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறார். மையம் ஒப்புதல்.”

இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு தொலைபேசிகளும் எடுத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

“அறிக்கையை வாபஸ் வாங்கும்மா. அங்க ஈர்ப்பு விசை இல்லன்னு பழையபடி போட்டுடு.”

“அது தப்பு சார்.”

“தப்புன்னு எனக்குத் தெரியாதா? சுற்றுப்பாதைக் கணக்குலதான் நான் டாக்டர் பட்டம் வாங்கினேன்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனா இத்தனை வருஷமா அந்தத் தப்புக்கு ஒருத்தரும் போன் பண்ணலையே.”

திருத்தத்தை எழுத உட்காரும் முன் வரவேற்பறையிலிருந்து ஆள் வந்தான். விமானியின் அம்மா வந்திருக்கிறாராம். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறாராம்.

இயக்குநரும் அவளும் இறங்கிப் போனார்கள். எலும்பு முறிவு வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா, கைப்பையை மார்போடு அணைத்தபடி அறையின் நடுவில் நின்றிருந்தார். அழவில்லை. வார்டில் டாக்டரை நிறுத்தி வைத்துக் கேட்பதுபோல் கேட்டார்.

“எத்தனை மணியில இருந்து விழுறான்?”

இயக்குநர் அதிகாரியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலை இனிப்பாக்கிக்கொண்டார்.

“அம்மா, டிவிக்காரங்க பேச்சை எல்லாம் நம்பாதீங்க. அங்க ஈர்ப்பு விசையே கிடையாது. இழுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. உங்க பையன் சும்மா ஹாயா மிதந்துட்டு இருக்கான்.”

அம்மாவின் முகம் அதுவரை தாங்கியிருந்தது. இப்போதுதான் வெளிறியது. யாரும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பூமி அவனை இழுக்கவே இல்லையா?”

“இல்லம்மா.”

“அப்போ எது அவனை இங்க வெச்சிருக்கு? அவன் பாட்டுக்குப் போயிட மாட்டானா? எதைப் புடிச்சுக்கிட்டுத் திரும்பி வருவான் தம்பி?”

கேள்வி சரியான கேள்வி. அதற்கு இயக்குநரே ஒரு காலத்தில் நூறு பக்கத்தில் பதில் எழுதியிருந்தார். இப்போது ஒரு வரிகூட வரவில்லை.

அதிகாரி அம்மாவின் எதிரில் முழங்காலிட்டாள்.

“சார் உங்களுக்குத் தைரியம் சொல்றதா நெனச்சு சொல்லிட்டார்மா. நெஜம் வேற. பூமி அவரை இழுத்துட்டுத்தான் இருக்கு. இங்க இழுக்கிறதுல பத்துல ஒம்பது பங்கு அங்கேயும் இருக்கு. அவ்வளவு உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி, மேல நீங்க தராசுல நின்னா எடை கொஞ்சம்தான் குறையும். மிதக்க எல்லாம் மாட்டீங்க.”

“அப்போ விழுறான்ங்கிறது நெஜம்.”

“நெஜம்.”

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஒரு கல்லை எறிஞ்சா கொஞ்ச தூரம் போய் விழும். வேகமா எறிஞ்சா இன்னும் தள்ளி விழும். பூமி உருண்டையா இருக்கில்லம்மா? அசுர வேகத்துல பக்கவாட்டுல எறிஞ்சா, கல்லு விழ விழ, தரையும் வளைஞ்சு கீழ போயிட்டே இருக்கும். உங்க பையன் ஒரு நொடிக்குள்ள எட்டு கிலோமீட்டர் கிட்டப் பக்கவாட்டுல போறார். அதே நொடியில நாலு மீட்டர் சொச்சம் விழுறார். தரையும் அதே அளவு தழைஞ்சு போயிடுது. விழுறார், ஆனா கிட்ட வரல. இழுப்பு மட்டும் இல்லன்னா நேர்கோட்டுல போயிட்டே இருப்பார். நீங்க பயந்தது அந்த வகையில சரிதான்.”

“மிதக்கிறானே, அது?”

“அவர் விழுறார், அவர் இருக்கிற அறையும் விழுது, கையில இருக்கிற ஸ்பூனும் விழுது. எல்லாம் ஒரே மாதிரி. காலைத் தாங்க அங்க ஒரு தரை இல்ல. அதனால எடை தெரியல.”

அம்மா கைப்பையின் வாரைத் திருகியபடி யோசித்தார்.

“வார்டுல முப்பது வருஷம் இருந்தேன். மாடியில இருந்து விழுந்தேன், மரத்துல இருந்து விழுந்தேன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. பாத்தா, எலும்பை உடைச்சது தரைதான்.” நிமிர்ந்தார். “தரை வராதுல்ல?”

“வராதும்மா.”

இந்த இடத்தில் இயக்குநருக்கு உண்மை பேசும் ஆசை திடீரென்று பொங்கிவிட்டது. “லேசா காத்து அங்கேயும் இருக்கு. அது உரசி உரசி நிலையம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். அப்பப்ப இன்ஜினைப் போட்டு மேல ஏத்திடுவோம்” என்றார்.

இரண்டு பெண்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“மறக்காம ஏத்துவீங்களா?” என்றார் அம்மா.

“மறக்க மாட்டோம்மா.”

அன்று மாலை குடும்பத்தினருடன் பேசுவதற்கான இணைப்பு ஏற்கெனவே ஏற்பாடாகியிருந்தது. கட்டுப்பாட்டு அறையை ஒட்டிய சிறிய அறையில் அம்மாவை உட்கார வைத்தார்கள். திரையில் மகன் வந்தான். முகம் உப்பியிருந்தது, உடம்பில் உள்ள நீரெல்லாம் மேலே ஏறிக்கொள்ளும் என்று அதிகாரி முன்பே சொல்லியிருந்தாள். ஆனாலும் அம்மா முதலில் கேட்டது அதைத்தான்.

“மூஞ்சி என்னடா பன்னு மாதிரி இருக்கு? உப்பைக் குறைச்சுக்க.”

“சரிம்மா.”

“விழுந்துட்டு இருக்கியாமே?”

மகன் தன் திரையில் அம்மாவுக்குப் பின்னால் நின்ற இருவரையும் பார்த்தான். என்ன சொல்ல அனுமதி என்று அவனுக்குத் தெரியவில்லை. அதிகாரி தலையை ஆட்டினாள். இயக்குநரும், சற்றுத் தாமதமாக, ஆட்டினார்.

“ஆமாம்மா. ராக்கெட் இன்ஜினை நிறுத்தின நிமிஷத்துல இருந்து விழுந்துட்டுதான் இருக்கேன்.”

“எப்படி இருக்கு?”

“முதல் ரெண்டு நாள் வாந்தி. வயிறு மட்டும் நம்பல. இப்ப பழகிடுச்சு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“மிதக்கிறேன்னு சொன்னா சந்தோஷப்படுவ. விழுறேன்னு சொன்னா இங்கயே கிளம்பி வந்துடுவ.”

அம்மா மறுக்கவில்லை. திரை கலங்கி இணைப்பு அறுந்தது. நிலையம் அடுத்த கண்டத்தின்மேல் விழப் போய்விட்டது.

வாசலில் மைக்குகளோடு கூட்டம் நின்றது. அதிகாரி பக்கவாட்டு வழியைக் காட்டினாள். அம்மா நேராக மைக்குகளை நோக்கியே நடந்தார். மகன் விழுவது உண்மையா என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

“உண்மை. பூமி அவனைக் கெட்டியா இழுத்துப் புடிச்சிருக்கு. விட்டுட்டாதான் நான் அழணும்” என்றார். பிறகு, வழிவிடச் சொல்லிவிட்டு டாக்சியில் ஏறினார்.

அதற்குப் பிறகு மையத்துக்கு அழைப்புகள் குறைந்தன. திருத்தம் வெளியாகவில்லை. அடுத்த வார அறிக்கையை இயக்குநர் தானே வாங்கிப் படித்தார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கைவைத்தார்: காற்புள்ளியை எடுத்துவிட்டு, மிதப்பது முன்னாலும் விழுவது பின்னாலும் வரும்படி வாக்கியத்தை மாற்றிப் போட்டார்.