பார்த்த நேரமும் வந்த நேரமும்

பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையில் எனக்குக் கருத்துச் சொல்ல அனுமதி கிடையாது. கேள்வி கேட்கலாம், அதுவும் மூன்றே கேள்வி: யார் முடிவு செய்தது, எப்போது, எதை வைத்து. மற்ற நேரமெல்லாம் வாயை மூடிக்கொண்டு எழுத வேண்டும். சுருக்கெழுத்தாளராக முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற பிறகும், வெள்ளம், தீ என்று ஏதாவது வந்தால் முடிவுப் பதிவேடு எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஊரே மழை நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்போது நான் ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் கணவர் காலமான பிறகு வீட்டில் என்னிடம் பேச ஆளில்லை. அந்த அறையில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை யாராவது "எழுதிட்டீங்களா?" என்று கேட்பார்கள். எனக்கு அது போதும்.

அன்று காலை எட்டு மணிக்கே அழைத்துவிட்டார்கள். அணை நிரம்பிக்கொண்டிருந்தது. மதகைத் திறந்தால் ஆற்றோரத்தில் இருக்கும் கீழத் தெருவுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். திறக்காவிட்டால் கரைக்கு ஆபத்து. நீள மேஜையின் தலைமாட்டில் கூட்டத் தலைவர், அவருக்கு இடப்பக்கம் காதில் ஃபோனோடு அணைப் பொறியாளர், வலப்பக்கம் வயர்லெஸ்ஸோடு போலீஸ் அதிகாரி. தலைவருக்குப் பின்னால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி என் நாற்காலி. அத்தனை பேரும் கையில் கடிகாரம் கட்டியிருந்தாலும் பதிவேட்டுக்குச் சுவர்க் கடிகாரம் ஒன்றுதான் நேரம்.

பதிவேட்டுக்குச் சில கறாரான விதிகள் உண்டு. பக்கங்களுக்கு எண் போட்டிருக்கும், கிழிக்க முடியாது. பேனாவில்தான் எழுத வேண்டும். தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது. தவறு பிறகு தெரிந்தால், தெரிந்த நேரத்தைப் போட்டுத் திருத்தத்தைப் புதிய வரியாக எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதும் முடிவுதான், அதையும் காரணத்தோடு எழுத வேண்டும். நடந்து முடிந்த பிறகு எல்லாரும் மேதாவிகள் ஆகிவிடுவார்கள். அந்த நிமிடத்தில் என்ன தெரிந்திருந்தது என்பதைச் சொல்ல அந்தப் புத்தகம் மட்டுமே இருக்கும்.

பத்தரைக்கு மேல் தகவல்கள் மளமளவென்று வந்தன. 11:14, நீர்மட்டம் இன்னும் ஒரு அடி ஏறியது. 11:17, கீழத் தெருவிலிருந்து எல்லாரும் வெளியேறியது உறுதியாகும் வரை மதகு திறப்பதில்லை, முடிவு தலைவர். 11:22, மழை சற்று விட்டதால் கீழத் தெருக்காரர்கள் சிலர் சாமான் எடுக்க முகாமிலிருந்து வீடு திரும்புகிறார்கள். தகவல் முகாம் பொறுப்பாளர். 11:31-க்குப் பொறியாளரும் போலீஸ் அதிகாரியும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு காதில் நீர்மட்டம், மறு காதில் கீழத் தெரு. அதிகாரி பேசிக்கொண்டே ஒரு தகவல் சீட்டை என் பக்கம் தள்ளினார். "கீழத் தெரு காலி" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்கு ஓடினேன்.

11:43-க்குத் தலைவர் திரும்பாமலே கேட்டார்.

"கடைசியா கீழத் தெரு நிலவரம் என்ன?"

"பதினொண்ணு முப்பத்தொண்ணு, காலி சார்."

"முகாம்லேர்ந்து திரும்பிப் போறாங்கன்னாங்களே?"

"அது பதினொண்ணு இருபத்திரண்டு சார்."

"அப்ப அவங்களையும் அனுப்பிட்டாங்க. 11:44, ஷட்டரைத் திறங்க."

நான் முடிவைத் திரும்ப வாசித்தேன். அவர் தலையசைத்தார். பொறியாளர் ஃபோனில் சொன்னார்: "சங்கு ஊதிட்டு, அம்பதுக்குத் திறந்துடு."

'எதை வைத்து' என்ற கட்டத்தில் சீட்டின் எண்ணை எழுத வேண்டும். எடுத்துப் பார்த்தேன். சீட்டில் இரண்டு நேரம் இருந்தது: தகவல் அறைக்கு வந்தது ஒன்று, தெருவை நேரில் பார்த்தது ஒன்று. வந்த நேரம் 11:31. பார்த்த நேரம் 11:05.

தெரு காலியாக இருந்தது 11:05-க்கு. ஆட்கள் திரும்பிப் போனது அதற்குப் பிறகு. நான் வந்த நேரத்தை மட்டும் எழுதி, பழைய தகவலைப் புதியதாக்கி வைத்திருக்கிறேன். வந்த நேரத்தோடு பார்த்த நேரத்தையும் எழுது என்று எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்தவள் நான்.

எழுந்து நின்றேன். அந்த அறையில் நான் எழுந்து நின்றதே இல்லை.

"சார், நிறுத்தச் சொல்லுங்க. நான் தப்பா எழுதிட்டேன். காலின்னு பார்த்தது பதினொண்ணு அஞ்சுக்கு. அதுக்கப்புறம்தான் ஆளுங்க திரும்பிப் போயிருக்காங்க."

தலைவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "நிறுத்து," என்றார். பொறியாளர் அதற்குள் ஃபோனை எடுத்திருந்தார். நான் உட்கார்ந்து எழுதினேன். "11:46. திருத்தம். 11:31 பதிவில் உள்ளது வந்த நேரம். பார்த்த நேரம் 11:05. பிழை பதிவாளருடையது. 11:47. மதகு திறக்கும் முடிவு நிறுத்தம். தலைவர்." கீழே கையெழுத்திட்டேன்.

11:58-க்குக் கீழத் தெருவில் ஏழு பேரைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு கணவனும் மனைவியும் தையல் மெஷினைப் படியில் இறக்கிக்கொண்டிருந்தார்களாம், விட்டு வர மாட்டேன் என்றாளாம் அவள். கடைசியில் மெஷினோடு ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 12:09, தெரு காலி, பார்த்த நேரம் 12:08. 12:12-க்கு முடிவு, சங்கு ஊதி 12:18-க்குத் திறந்தார்கள். கரை தப்பியது. ஆனால் தாமதமான அந்த அரை மணிக்குள் அணையோர பம்ப் ஹவுஸ் மூழ்கி, ஊருக்கு மூன்று நாள் குடிநீர் இல்லை. விசாரணை வரும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

மாலையில் அறை காலியானது. ஒவ்வொருவராக வீட்டுக்கு ஃபோன் செய்து, இதோ வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். தலைவர் மட்டும் நின்றார். கெட்டவர் அல்ல. எனக்கு டீ வாங்கி வரச் சொன்னவரும் அவர்தான்.

"புதுப் புத்தகத்துல இன்னிக்குள்ளத மட்டும் நிதானமா எழுதிடுங்களேன். 11:44 வேணாம், 11:46 வேணாம். நேரா 12:12. உங்க தப்பும் தெரியாது, என் அவசரமும் தெரியாது. அடுத்த தடவையும் நீங்கதான் வரணும், அதுக்குத்தான் சொல்றேன்."

அடுத்த தடவை. அவர் என்ன கொடுக்கிறார் என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது. அந்த நாற்காலி, அந்தச் சுவர்க் கடிகாரம், "எழுதிட்டீங்களா?" எனக்கு அது வேண்டும். மிகவும் வேண்டும்.

"முடியாது சார். அந்தப் பக்கத்துல ஏழு பேர் இருக்காங்க."

"உடம்பப் பாத்துக்குங்க. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க," என்றார். மிச்சமிருந்த வரிகளில் குறுக்குக் கோடு போட்டேன். 17:20 என்று எழுதிக் கையெழுத்திட்டு, பதிவேட்டை ஒப்படைத்துவிட்டு வந்தேன். விசாரணை முடியும் வரை யாரிடமும் பேசக் கூடாது என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பேச யார் இருக்கிறார்கள்.

இருபது நாள் கழித்து மறுபடி பேய் மழை. விடிந்ததிலிருந்து சேலையை மாற்றிக்கொண்டு, பேனா இரண்டு எடுத்து வைத்துக்கொண்டு, ஃபோனருகில் உட்கார்ந்திருந்தேன். ஃபோன் வேலை செய்கிறதா என்று இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். பத்து மணிக்கு மேல் அணைப் பக்கமிருந்து சங்கு ஊதியது. யாரோ அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். பார்த்த நேரத்தையும் எழுதுகிறார்களா என்றுதான் முதலில் கவலை வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதினேன்.

"10:26. சங்கு. எனக்கு அழைப்பு இல்லை. எதை வைத்து: 11:46 திருத்தம்."

ஒரு தடவை திரும்ப வாசித்தேன், உரக்க. திருத்த ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.