சிவப்பு விளக்கில் நின்ற ஒருவர்

மதிய இடைவேளை. ஆசிரியர் அறையில் தமிழ் ஆசிரியை தன் தம்பி மகளின் மாதிரித் தேர்வுத் தாளைப் பிரித்துவைத்திருந்தாள். எதிரே சிறுமி நின்றிருந்தாள். நாளை மறுநாள் பொதுத்தேர்வு. கட்டுரைத் தலைப்பு, சாலைப் பாதுகாப்பு.

முன்னுரை ஐந்து வரி, குறை சொல்ல ஒன்றுமில்லை. பொருளுரையில் ‘சாலை விதிகள்’ இரண்டே வரி. ‘ஓட்டுநர் கடமை’ வெறும் தலைப்போடு நின்றது. ‘விபத்துக்கான காரணங்கள்’ மட்டும் ஒன்றரைப் பக்கம். முடிவுரை ஒரே வரி: ‘விதிகளை மதித்தாலும் சாவு வரும்.’

“ஏண்டி வாயாடி, வயிறு மட்டும் வீங்கிப்போய், காலே இல்லாம நிக்குதே இந்தக் கட்டுரை? முடிவுரையில புதுசா எதையும் கொண்டுவரக் கூடாது. மேல சொன்னதைச் சேர்த்து முடிக்கணும். போர்டுல எழுதிப்போட்டேன்ல?”

“‘விதிகளை மதித்தால் விபத்தே இல்லை’ன்னு போட்டீங்க. அதை நான் எழுத மாட்டேன். முடிவுரை இல்லாமலே குடுத்துட்டு வர்றேன், மார்க் போனாப் போகட்டும்.” சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். “அப்பா மதிக்கலையா அத்தை?”

ஈ காக்கை இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பவன் அத்தையின் தம்பி. “மாப்பிள்ளை அழைப்புக்கு நிக்கிறியாடா?” என்று எத்தனை முறை கேலி செய்திருக்கிறாள்! அப்படி நின்றவனைத்தான் பின்னால் வந்த லாரி அடித்தது.

நாற்காலியை இழுத்துப்போட்டாள். “உட்காரு. அப்பா நீலச் சட்டை போட்டிருந்தது விபத்துக்குக் காரணமா?”

“இல்ல.”

சிவப்புப் பேனா அந்த வரியை அடித்தது.

“தெருமுனையில திரும்பிக் கையாட்டினது?”

“இல்ல.”

அதுவும் போயிற்று.

“ஹெல்மெட் வாரை ரெண்டு தரம் இழுத்துப் பார்த்தது?”

“அது விதியில வருமே அத்தை.”

“வரும். மேல கொண்டுபோ. லாரிக்காரர் ராத்திரி பூராத் தூங்காதது?”

“ஓட்டுநர் கடமை.”

வீக்கம் வடிந்தது. கடைசியில் மிஞ்சியது, ‘சிவப்பு விளக்கில் நின்றிருந்த என் அப்பாவைப் பின்னால் வந்த லாரி மோதியது.’ பரீட்சைத் தாளில் எழுதுபவரின் அடையாளம் தெரியக்கூடாது. ‘என் அப்பாவை’ என்பதன்மேல் பேனாவை வைத்தாள். கை நகரவில்லை.

சிறுமி பேனாவை வாங்கினாள். அடித்துவிட்டு, மேலே ‘ஒருவரை’ என்று எழுதினாள். புதுத் தாளில் எல்லாவற்றையும் பார்த்து எழுதி, யாரும் சொல்லாமலே முடிவுரையைத் தொடங்கினாள்: ‘ஒருவர் மட்டும் விதியை மதித்தால் போதாது. சாலையில் வரும் அனைவரும் மதித்தால்தான் அந்த ஒருவர் வீடு திரும்புவார்...’

ஐந்து வரியில் முடிந்தது. அத்தை படித்துப் பார்த்தாள். எங்கும் கைவைக்க வேண்டியிருக்கவில்லை.

மணி அடித்தது. சிறுமி எழுந்து பழைய தாளுக்குக் கை நீட்டினாள். “அதைக் குடுங்க அத்தை.”

அத்தை அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னைக்கு ஒரு நாள் என்கிட்ட இருக்கட்டும்டி,” என்றாள். “அவன் திரும்பிக் கையாட்டினது எனக்குத் தெரியாதே.”