சிக்கனத் திரை

அப்டேட் முடிந்து லேப்டாப்கள் மறுபடி விழித்தபோது அலுவலகமே மங்கிப்போயிருந்தது. கணக்குப் பிரிவு அக்கா வெளிச்சத்தைக் கூட்டும் விசையைக் குத்திக் குத்திப் பார்த்து அலுத்துப்போய், லேப்டாப்பை அணைத்துத் தூக்கிக்கொண்டு சிஸ்டம் பார்க்கும் பெண்ணிடம் வந்தார்.

"ஏம்மா, கண்ணு போனது எனக்கா, இதுக்கா?"

"இதுக்குத்தான்கா. உக்காருங்க."

செட்டிங்ஸில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டையையே காணவில்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்ததும் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. இந்த மாடலுக்கென்று இருந்த டிஸ்ப்ளே டிரைவரை, அதாவது திரையை இயக்கும் மென்பொருளைத் தள்ளிவிட்டு, எல்லா மெஷினுக்கும் பொதுவான ஒன்று அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்குப் படம் காட்டத் தெரியும். திரைக்குப் பின்னாலிருக்கும் விளக்கை ஏற்றி இறக்கத் தெரியாது. விசை என்ன கத்தினாலும் கேட்க ஆளில்லை.

லேப்டாப் தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து சரியான டிரைவரை இறக்கிப் போட்டாள். திரை ஒருமுறை கறுத்தது. அக்கா "ஐயோ" என்றார். பளிச்சென்று திரும்பி வந்தது. விசையும் வேலை செய்தது. அப்டேட் மறுபடி வந்து டிரைவரை மாற்றாதபடி தடுத்தும் வைத்தாள்.

அதற்குள் மேனேஜர் ஓடி வந்தார். அப்டேட்டை முதலில் ஒரு மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்பலாம் என்று அவள் சொன்னபோது, "எல்லாம் எனக்குத் தெரியும்" என்றவர் அவர்தான்.

"நிறுத்தும்மா! எதையும் சரி பண்ணாத."

"ஏன் சார்?"

"முதலாளி ஏன் மங்கலா இருக்குன்னு கேட்டாரு. கண்ணுக்கு நல்லது, கரண்டும் மிச்சம்னு நான்தான் யோசிச்சு வெச்சேன்னு சொல்லிட்டேன். மனுஷன் குளிர்ந்துபோயிட்டாரு. இந்தச் சிக்கனத் திட்டத்தைப் பாராட்டி எல்லாருக்கும் மெயில் வேற போட்டுட்டாரு."

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மதியத்துக்குள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாருக்கும் திட்டம் ரொம்பப் பிடித்திருந்தது. தன்னுடையதை மட்டும் சரி செய்தால் போதும். நாலாவதாக வந்த மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு, "எனக்குப் பவர் கண்ணாடிம்மா" என்றார்.

முதலாளியே வந்து நின்றபோது மேனேஜரின் திரை அவள் மேசையில் ஜொலித்துக்கொண்டிருந்தது. மேனேஜர் பாய்ந்து விசையை அழுத்த, திரை சமர்த்தாக மங்கியது.

முதலாளி குனிந்து பார்த்தார். "உங்களுதுல மட்டும் கீ வேலை செய்யுதே?"

மேனேஜர் கூரையைப் பார்த்தார். அவள்தான் வாயைத் திறந்தாள். "டிரைவரை மாத்தினா எல்லாத்துலயும் வேலை செய்யும் சார். அப்டேட்தான் கெடுத்துடுச்சு."

முதலாளி கக்கத்திலிருந்த தன் லேப்டாப்பை அவள் முன்னால் வைத்தார்.

"இதையும் பாத்துடும்மா. ஆனா மெயில் அப்படியே இருக்கட்டும். போட்டதைத் திரும்ப வாங்கினா நல்லாவா இருக்கும்?"

மேனேஜருக்கு உயிர் வந்தது. "அதானே சார்!" என்றார்.